நகை அவர்கள் லாக்கரில், கார் மாப்பிள்ளை பெயரில், இப்போது ஃபிளாட்டுக்குப் பணம்: எது வரதட்சணை, எது கொடுமை?

கொளத்தூர்த் தம்பி

அனைவருக்கும் வணக்கம். அக்காவுக்காக எழுதுகிறேன்.

2023 பிப்ரவரியில் அயனாவரத்தில் ஒரு மண்டபத்தில் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை வீடு கோயம்புத்தூர். பேச்சுவார்த்தையில் 55 பவுன், ஒரு கார், ரொக்கம் 3 லட்சம் என்று கேட்டார்கள். அப்பா எல்லாவற்றையும் செய்தார். கார் மாப்பிள்ளை பெயரில் பதிவானது. சொந்தக்காரர்கள் போட்டது தனியாக ஐந்தாறு பவுன் இருக்கும். சீர் கொடுத்ததற்கு எழுத்தில் எந்தப் பட்டியலும் இல்லை.

கோவைக்குப் போன முதல் வாரத்திலேயே, "வீட்டுல வைக்க வேண்டாம்மா, லாக்கர்ல வச்சுடறேன்" என்று மாமியார் நகைகளை வாங்கிக்கொண்டார். லாக்கர் மாமியார் பெயரில் இருக்கிறது. அந்த வருடக் கடைசியில் ஃபிளாட் வாங்க 12 லட்சம் வேண்டும் என்று ஆரம்பித்தார்கள். 2024 ஜனவரியில் அப்பா 4 லட்சம் வங்கி மூலம் மாப்பிள்ளைக்கு அனுப்பினார். மீதி வரவில்லை என்று அக்காவோடு பேசுவதை நிறுத்தினார்கள். செலவுக்குக் காசு தரவில்லை. பொங்கலுக்குக்கூட அனுப்பவில்லை. 2025 பிப்ரவரியில் மாப்பிள்ளை கை நீட்டிவிட்டார். அக்கா ஒரே பையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அதற்குப் பிறகும் "மீதி எட்டு வந்தாத்தான் நீ வரலாம்" என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருக்கிறார்.

எங்கள் கேள்விகள் இவை. திருமணம் முடிந்து ஒரு வருடம் கழித்து ஃபிளாட்டுக்குக் கேட்டது வரதட்சணை ஆகுமா? வரதட்சணை கொடுப்பதும் குற்றம் என்கிறார்களே, அப்பாமேல் வழக்கு வருமா? நகையைத் திரும்ப வாங்க வழி என்ன? இதற்கெல்லாம் கோவைக்கு அலைய வேண்டுமா?

மாதவரம் மாமா

தம்பி, அவசரப்பட வேண்டாம். கொடுத்தவனும் குற்றவாளிதான். அதற்குக் குறைந்தது ஐந்து வருடம் சிறை. புகாரில் 55 பவுன், கார் என்று எழுதினால் அப்பா தன் கையாலேயே ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அடித்ததை மட்டும் எழுதுங்கள். அப்புறம், மனைவியைக் கொடுமை செய்வதற்கான 498ஏ பிரிவே இப்போது கிடையாது, புதுச் சட்டம் வந்ததும் போய்விட்டது. எதுவாக இருந்தாலும் திருமணமாகி ஏழு வருடத்துக்குள் செய்துவிட வேண்டும், இல்லையென்றால் செல்லாது.

ஐ.டி. காரிடார்

இன்னொரு பெண் வீட்டார் பதிவா? என் அண்ணன் வழக்கில் என்னையும் சேர்த்தார்கள். நான் அப்போது பெங்களூருவில் வேலையில் இருந்தேன். அவர்கள் வீட்டில் ஒரு இரவுகூடத் தங்கியதில்லை. "கணவர், மாமியார், மாமனார், கொழுந்தனார் அனைவரும் வரதட்சணை கேட்டுத் துன்புறுத்தினர்" என்று ஒரே வரி. அந்த ஒரு வரிக்காக முன்ஜாமீன், வாய்தா என்று அலைந்தேன். பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போதும் சிக்கல் வந்தது. கடைசியில் உயர் நீதிமன்றம் என்மீதான வழக்கை ரத்து செய்தது. இந்தச் சட்டத்தால் ஆண்களுக்கு நடக்கும் அநியாயத்தைப் பற்றி யாராவது பேசுங்கள்.

கறுப்பு அங்கி

சென்னையில் குடும்ப வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் நான். கொளத்தூர்த் தம்பிக்கு முதலில் பதில் சொல்கிறேன். ஐ.டி. காரிடார் சொன்னதும் இந்தக் கேள்விக்குத் தேவைதான், அதற்கும் வருகிறேன்.

உங்கள் குடும்பத்தில் நடந்ததை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். திருமணத்தின்போது கேட்டு வாங்கியது ஒன்று. அக்காவுக்கென்று போட்ட நகை இன்னொன்று. பிறகு பணம் கேட்டு வதைத்தது மூன்றாவது. மூன்றுக்கும் சட்டம் வேறு, நிரூபிக்க வேண்டியதும் வேறு. பெரும்பாலான புகார்களில் இவை ஒரே பத்தியில் கலந்து கிடக்கும். வழக்கு பலவீனமாவது அங்கேதான்.

ஃபிளாட் விஷயத்தை எடுத்துக்கொள்வோம். 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டத்தில் முதலில் திருமணத்துக்கு ஈடாகக் கொடுப்பது என்றுதான் விளக்கம் இருந்தது. எண்பதுகளில் செய்த திருத்தங்களில் அது திருமணம் தொடர்பாகக் கொடுப்பது என்று விரிந்தது. திருமணத்தின்போதோ, அதற்கு முன்போ, அதற்குப் பிறகு எப்போது வேண்டுமானாலுமோ கொடுத்தது, கொடுக்க ஒப்புக்கொண்டது எல்லாம் அதற்குள் வரும். ஆக, ஒரு வருடம் கழித்துக் கேட்டார்கள் என்பதால் மட்டும் அது வரதட்சணை இல்லை என்று ஆகிவிடாது.

இதில் நீதிமன்றங்கள் ஒருமுறை பின்வாங்கியதும் உண்டு. 2007இல் அப்பாசாகேப் என்பவரின் வழக்கில், வீட்டுச் செலவுக்கும் உரம் வாங்கவும் கேட்ட பணம் வரதட்சணை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பைக் காட்டிப் பல பேர் தப்பினார்கள். 2015இல் ராஜிந்தர் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்தப் பார்வை சரியல்ல என்றது. 2022இல் மத்தியப் பிரதேச வழக்கு ஒன்றில், வீடு கட்டப் பணம் கேட்டதும் வரதட்சணைதான் என்று தெளிவாகச் சொன்னார்கள். அவை பெண் இறந்துபோன வழக்குகள். ஆனால் வரதட்சணை என்றால் என்ன என்பதற்கு அங்கேயும் இதே சட்டத்தின் விளக்கத்தைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் உங்களுக்கும் உதவும்.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதையும் இப்போதே யோசியுங்கள். "மாமனாரிடம் கைமாற்றாக வாங்கினேன், திருப்பித் தருவேன்" என்பார்கள். அந்த 4 லட்சம் போன நாளை ஒட்டிய வாட்ஸ்அப் செய்திகள், அழைப்பு விவரம், வங்கிக் கணக்கில் அப்போது எழுதிய குறிப்பு ஆகியவற்றை எடுத்துவையுங்கள். கடன் என்றால் எப்போது தருகிறேன் என்ற பேச்சு எங்காவது இருக்கும். உங்களிடம் இருப்பது "மீதி எட்டு வந்தாத்தான் நீ வரலாம்" என்ற குரல் பதிவு. கடன் வாங்கியவர் அப்படிப் பேசுவாரா?

இன்னொன்றும் உண்டு. கொடுமைக்கான பிரிவில், கேட்ட பணத்தை வரதட்சணை என்று நிரூபிக்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை. சொத்துக்காகவோ பணத்துக்காகவோ சட்டத்துக்குப் புறம்பாகக் கேட்டு, அதற்காக மனைவியையோ அவள் உறவினரையோ நெருக்கினால் போதும். கேட்டது கிடைக்கவில்லை என்பதற்காக வதைத்தாலும் அதே பிரிவுதான்.

மாதவரம் மாமா சொன்னதில் பாதி சரி. இந்திய தண்டனைச் சட்டம் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இல்லை. ஆனால் 498ஏ சொன்ன அதே குற்றம் பாரதிய நியாய சன்ஹிதாவில் 85, 86 பிரிவுகளாக அப்படியே இருக்கிறது. தண்டனையும் மூன்று வருடம் வரை என்பதுதான். அந்தத் தேதிக்கு முன் நடந்ததற்குப் பழைய சட்டம், பின் நடந்ததற்குப் புதியது. உங்கள் அக்காவுக்கு இரண்டும் வரும். அதனால் எது எந்த மாதம் நடந்தது என்பதைத் தேதி வாரியாக எழுதுவது அவசியம்.

ஏழு வருடக் கணக்கு, பெண் இயற்கைக்கு மாறாக இறந்துபோகும் வரதட்சணை மரண வழக்குகளில் வருவது. உயிரோடு இருக்கும் பெண் கொடுமைக்குப் புகார் கொடுக்க அந்தக் கணக்கு கிடையாது. அதற்கு வேறு வரம்பு உண்டு: கடைசியாகக் கொடுமை நடந்ததிலிருந்து மூன்று வருடம். வரதட்சணைத் தடைச் சட்டத்தின் குற்றங்களுக்கு அந்தக் காலவரம்பும் பொருந்தாது.

கொளத்தூர்த் தம்பி

மிக்க நன்றி மேடம். ஆனால் அப்பா விஷயம்தான் வீட்டில் எல்லோரையும் பயமுறுத்துகிறது. மாமா சொன்னது போல அந்தப் பகுதியை விட்டுவிடலாமா?

கறுப்பு அங்கி

விட்டுவிட்டால் என்ன ஆகும் பாருங்கள். 55 பவுனையும் காரையும் கேட்டு வாங்கினார்கள் என்பதே புகாரில் இல்லை என்றால், பின்னால் ஃபிளாட்டுக்குக் கேட்டது எங்கிருந்து வந்தது என்று கதை புரியாது. பின்னால் சாட்சிக் கூண்டில் சொல்லும்போது, "இதைப் புகாரில் ஏன் சொல்லவில்லை?" என்ற ஒரே கேள்வியில் குறுக்கு விசாரணை முடிந்துவிடும்.

கொடுப்பதும் குற்றம் என்பது உண்மை. வரதட்சணைத் தடைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு கொடுத்தவர், வாங்கியவர் இருவரையும் சொல்கிறது. குறைந்தது ஐந்து வருடம் என்பதும் உண்மை. ஆனால் அதே சட்டத்தின் ஏழாம் பிரிவில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. குற்றத்தால் பாதிக்கப்பட்டவர் கொடுக்கும் வாக்குமூலத்தை வைத்து அவர்மீது இந்தச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடர முடியாது. கேட்டதைக் கொடுக்காவிட்டால் பெண்ணின் வாழ்க்கை என்ன ஆகுமோ என்று கொடுத்தவரையும், விரும்பிப் பேரம் பேசியவரையும் சட்டம் ஒன்றாகப் பார்க்கக் கூடாது என்பதற்குத்தான் அது.

அந்தப் பாதுகாப்பு அக்காவுக்கு ஐயமில்லாமல் உண்டு. அப்பாவுக்கு உண்டா என்பதில் வாதத்துக்கு இடம் இருக்கிறது. யார் புகார் கொடுக்கலாம் என்று சொல்லும்போது அதே பிரிவு பாதிக்கப்பட்டவரைத் தனியாகவும், அவருடைய பெற்றோர், உறவினரைத் தனியாகவும் குறிப்பிடுகிறது. பாதுகாப்பு பற்றிய வரியில் பெற்றோர் என்று எழுதவில்லை. நெருக்குதலில் பணம் கொடுத்த தகப்பனும் பாதிக்கப்பட்டவர்தானே என்பது எங்கள் தரப்பு வாதம். மகளுக்காகக் கையில் இருந்ததை எல்லாம் கொடுத்த மனிதரைக் குற்றவாளி என்று எந்த மனசாட்சியோடு சொல்வது? இருந்தாலும் கணவர் தரப்பு பதிலுக்கு ஒரு புகார் கொடுத்துப் பார்க்கலாம். அதற்கு நீங்கள் தயாராக இருக்க வேண்டும். இதனால்தான் நான் எப்போதும் புகாரை அந்தப் பெண்ணின் பெயரிலேயே கொடுக்கச் சொல்கிறேன். "அவர்கள் கேட்டார்கள், என் திருமணம் நின்றுவிடும் என்ற நிலையில் என் அப்பா கொடுத்தார்" என்று நடந்ததை நடந்தபடி அவளே சொல்லட்டும்.

ஓய்வுபெற்ற எஸ்.ஐ. அம்மா

அனைத்து மகளிர் காவல் நிலையங்களில் வெகுகாலம் வேலை பார்த்தவள் நான். 1992இல் ஆயிரம் விளக்கில் முதல் மகளிர் நிலையம் தொடங்கியபோது, இனிமேல் பெண்கள் கூச்சமில்லாமல் உள்ளே வருவார்கள் என்று நம்பினோம். வந்தார்கள். ஆனால் எழுதிக்கொண்டு வரும் மனுவைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கும். "தாங்க முடியாத கொடுமை செய்தார்கள்" என்று நான்கு பக்கம் இருக்கும், ஒரு தேதி இருக்காது.

கொளத்தூர்த் தம்பி, உங்கள் அக்காவைத் தனியாக உட்கார வைத்து எழுதச் சொல்லுங்கள். யார் கேட்டது, எங்கே வைத்து, ஏறக்குறைய எந்த மாதம், என்ன வார்த்தை சொல்லிக் கேட்டார், அப்போது கூட யார் இருந்தது. மாமனார் எதுவும் சொல்லவில்லை என்றால் அவர் பெயரை இழுக்க வேண்டாம். பெங்களூருவில் இருக்கும் கொழுந்தனையும் இழுக்க வேண்டாம். மேலே ஒரு தம்பி தன் கதையைச் சொன்னாரே, அது அடிக்கடி நடப்பதுதான்.

மனு கொடுத்ததும் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். உடனே எஃப்.ஐ.ஆர். போட மாட்டார்கள். இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். இப்போதைய சட்டப்படி மேலதிகாரி அனுமதியோடு 14 நாளுக்குள் முதல்கட்ட விசாரணையை முடிக்க வேண்டும். இழுத்தடித்தால் துணை ஆணையர் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

கோவைக்குப் போகத் தேவையில்லை. கொடுமை தாங்காமல் எங்கே வந்து தங்கியிருக்கிறாளோ அங்கேயே புகார் கொடுக்கலாம் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் ரூபாலி தேவி வழக்கில் சொல்லிவிட்டது. வெளியே வந்துவிட்டாலும் அந்த மன வேதனை பெற்றோர் வீட்டிலும் தொடர்கிறது என்பதுதான் காரணம். உங்கள் பகுதி மகளிர் நிலையத்தில் "கோயம்புத்தூர் போங்க" என்று சொன்னால் இந்தத் தீர்ப்பைச் சொல்லுங்கள்.

ஐ.டி. காரிடார்

எஸ்.ஐ. அம்மா சொன்னது நியாயம். என் வழக்கில் அந்த ஒரு வரிக்குப் பதிலாக யார் என்ன செய்தார் என்று கேட்டிருந்தால் நான் நீதிமன்றப் படியே ஏறியிருக்க மாட்டேன். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். கைது செய்துவிடுவார்களோ என்ற பயத்தில்தானே பல குடும்பங்கள் பணம் கொடுத்து ஒதுங்குகின்றன?

கறுப்பு அங்கி

2014க்கு முன் நிலைமை அப்படித்தான் இருந்தது. அர்னேஷ் குமார் வழக்கில், மூன்று வருடத் தண்டனை உள்ள இந்தக் குற்றத்துக்கு இயந்திரத்தனமாகக் கைது செய்யக் கூடாது, கைது ஏன் தேவை என்று காவல்துறை எழுதிக் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. இப்போது பெரும்பாலும் முதலில் நோட்டீஸ்தான் போகும். 2022இல் கஹ்கஷான் கௌசர் வழக்கில், குடும்பத்தில் எல்லோர் மேலும் பொதுப்படையாகச் சொன்ன குற்றச்சாட்டை வைத்துக் கணவரின் உறவினர்களை விசாரணைக்கு இழுக்க முடியாது என்றார்கள். உங்களுக்குக் கிடைத்த நிவாரணமும் இந்த வழியில் வந்ததாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தீர்ப்புகளால் அக்காவின் புகார் பொய்யாகிவிடாது. பெயர், தேதி, வார்த்தை எல்லாம் இருக்கும் புகாரை அந்தக் காரணம் காட்டி ரத்து செய்வது எளிதல்ல.

ஒரு எச்சரிக்கை. கைது நடந்தால் பயந்து நகையைக் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்துப் புகார் கொடுப்பவர்கள் ஏமாறுகிறார்கள். நகையை வாங்க வேறு வழி இருக்கிறது.

பெரம்பூர்ப் பெண்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் வீட்டில் வரதட்சணை ஒரு பைசா கேட்கவில்லை, காதல் திருமணம். ஆனால் சம்பளம் முழுக்க அவர் கையில். என் ஃபோனைத் தினமும் பார்ப்பார். அம்மாவோடு பேச முடியாது. நாள் கணக்கில் அறையில் பூட்டி வைத்திருக்கிறார். "வரதட்சணை இல்லையே, பிறகு எப்படி இந்தப் பிரிவு வரும்?" என்று நிலையத்தில் கேட்டார்கள். எனக்கு விவாகரத்து கிடைக்குமா?

கறுப்பு அங்கி

சகோதரி, நிலையத்தில் சொன்னது தவறு. கொடுமைக்கான பிரிவில் இரண்டு பகுதி உண்டு. பணத்துக்காக நெருக்குவது அதில் ஒன்றுதான். மற்றொன்று, ஒரு பெண்ணைத் தற்கொலைக்குத் தள்ளக்கூடிய, அல்லது அவள் உடலுக்கோ மனநலத்துக்கோ பெரும் கேடு செய்யக்கூடிய நடத்தை. வரதட்சணை கேட்காவிட்டாலும் அந்தப் பகுதி தனித்து நிற்கும் என்று 2024 டிசம்பரிலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அங்கே எதிர்பார்க்கும் தீவிரம் அதிகம். பூட்டி வைத்தது அந்த அளவுக்கு வரக்கூடியது. தனியாக அதுவே சட்டவிரோத அடைப்பு என்ற குற்றமும்கூட.

விவாகரத்துக்கான கொடுமை வேறு. அதைக் குடும்ப நல நீதிமன்றம் பார்க்கும். குற்ற வழக்கில் தண்டனை கிடைக்காத நடத்தைகூட அங்கே விவாகரத்துக்குப் போதுமானதாக இருக்கலாம். உங்களுக்கு முதலில் தேவை பாதுகாப்பு. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் சம்பளத்தைப் பறிப்பதும் வன்முறைதான். 181க்குப் பேசுங்கள், மாவட்டத்தின் பாதுகாப்பு அலுவலரிடம் சேர்த்துவிடுவார்கள். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று நிற்க வேண்டாம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்குச் சட்ட உதவி மையத்தில் இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள். இன்றைக்கே பேசுங்கள் அம்மா. இப்போதும் பூட்டப்படும் நிலை இருந்தால் 100க்கு அழைக்கத் தயங்க வேண்டாம்.

கொளத்தூர்த் தம்பி

மேடம், நகை பற்றிச் சொல்கிறேன் என்றீர்கள். எங்களிடம் பட்டியல் இல்லை. நகைக்கடை ரசீது பாதிக்கு மேல் இருக்கிறது. பழைய நகையை அழித்துச் செய்ததற்கு இல்லை. திருமண ஆல்பம், வீடியோ இருக்கிறது.

கறுப்பு அங்கி

1985இலேயே இதற்கு விதி போட்டார்கள். மணமகளுக்கு வந்த பரிசுகளை மணமகளும், மணமகனுக்கு வந்ததை மணமகனும் எழுதிவைத்து, பொருள், தோராய மதிப்பு, கொடுத்தவர், உறவு எல்லாம் குறித்து இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். யாரும் கேட்காமல் தானாகக் கொடுக்கும் பரிசு வரதட்சணைக் குற்றம் ஆகாமல் இருக்கவும் அந்தப் பட்டியல்தான் ஆதாரம். மண்டபத்தில் மொய் எழுத ஆள் போடுகிறோம், நூறு ரூபாய்க்குக்கூடக் கணக்கு இருக்கிறது. 55 பவுனுக்கு ஒரு தாள் எழுதுவதில்லை. இந்த விஷயம் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது.

பட்டியல் இல்லாததால் நகை போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். பிரதிபா ராணி வழக்கில் 1985இலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது, சீதனம் முழுக்க முழுக்க மனைவியின் சொத்து. கணவர் வீட்டில் வைத்திருப்பதால் அது கூட்டுச் சொத்து ஆகாது. ஒப்படைத்ததைத் திருப்பித் தர மறுத்தால் நம்பிக்கை மோசடி. சொந்தக்காரர்கள் போட்டதும், மாப்பிள்ளை வீட்டார் அவளுக்கென்று போட்டதும் அதில் அடங்கும்.

உங்கள் கதையோடு அப்படியே ஒத்துப்போகும் வழக்கு 2024 ஏப்ரலில் வந்தது. கேரளப் பெண், 89 பவுன். முதல் இரவிலேயே நகைகளைக் கணவர் வாங்கிப் பாதுகாப்புக்கு என்று தன் அம்மாவிடம் கொடுத்துவிட்டார். குடும்ப நீதிமன்றம் பெண் சொன்னதை ஏற்றது. உயர் நீதிமன்றம் ஆதாரம் போதாது என்று மாற்றியது. உச்ச நீதிமன்றம், இது குற்ற வழக்கு அல்ல, சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபி என்று கேட்கக் கூடாது, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும் என்றது. கடைசியில் 25 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. புதுப்பெண் நகையைக் கழற்றிக் கொடுக்கும்போது ரசீது கேட்பாளா என்பதுதான் அங்கே உயிர்நாடி.

அதனால் ஆல்பத்தை எடுத்துவைத்து, ஆரம், நெக்லஸ், வங்கி, ஒட்டியாணம், வளையல் ஜோடி என்று ஒவ்வொன்றாக எந்தப் படத்தில் தெரிகிறது என்று குறித்து, பக்கத்தில் எடை, ரசீது எண் எழுதுங்கள். ரசீது இல்லாததற்கு அழித்துச் செய்து கொடுத்த ஆசாரியோ கடையோ சாட்சி. அப்புறம் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் இங்கே சென்னையிலேயே மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். சீதனத்தைத் திருப்பித் தர உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. ஜீவனாம்சமும் அதே மனுவில் கேட்கலாம். 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட நெடுநாள் ஆகும், அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

மனுதாரர் அக்காவாகவே இருக்கட்டும். மகளின் சீதனத்தை அவள் ஒப்புதல் இல்லாமல் தகப்பன் கேட்க முடியாது என்று அதே 2024இல் தெலங்கானா வழக்கு ஒன்றில் தீர்ப்பு வந்திருக்கிறது.

ஓய்வுபெற்ற எஸ்.ஐ. அம்மா

நகை பற்றி நான் ஒன்று சொல்ல வேண்டும். நிலையத்தில் சமாதானம் பேசும்போது மாமியார் ஒரு பையைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார். "எல்லாம் இருக்கு, கையெழுத்துப் போடும்மா" என்பார்கள். அழுகையும் அசதியுமாக அந்தப் பெண் "நகைகள் அனைத்தும் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளில் கையெழுத்துப் போட்டுவிடுவாள். வீட்டுக்குப் போய் எடை போட்டால் பாதிதான் இருக்கும். சில நேரம் கவரிங்கூடக் கலந்திருக்கும். பிறகு ஒன்றும் செய்ய முடியாது. நான் பார்த்த வழக்குகளில் மிகவும் வேதனை தந்தது இதுதான்.

எடை போடாமல் கையெழுத்து வேண்டாம். மதிப்பீட்டாளரை வைத்து ஒவ்வொன்றையும் எடை போட்டு, படம் எடுத்து, வராததைத் தனியாக எழுதி, "இவை மட்டும் பெற்றேன்" என்று எழுதச் சொல்லுங்கள்.

மாதவரம் மாமா

எல்லாம் சரி, கார்? அது மாப்பிள்ளை பெயரில் இருக்கிறது. பரிசு என்று சொன்னால் அவனுக்கே போகும். வரதட்சணை என்று சொன்னால் அப்பா மாட்டுவார். நான் முதலில் சொன்ன பயம் இதுதான்.

கறுப்பு அங்கி

நல்ல இடத்தைத் தொட்டீர்கள் மாமா. இந்த இழையில் கடினமான கேள்வி இதுதான்.

வரதட்சணையாக யார் பெயரில் என்ன வாங்கினாலும், அது பெண்ணுக்காகவே வைத்திருப்பதாகக் கருதப்படும், மூன்று மாதத்துக்குள் அவளுக்கு மாற்ற வேண்டும் என்று ஆறாம் பிரிவு சொல்கிறது. ஆக, கேட்டு வாங்கிய கார் என்று நிரூபித்தால் அதை அக்கா கேட்க முடியும். கேட்காமல் கொடுத்த பரிசு என்றால் அது மாப்பிள்ளையுடையது. முதல் வழியில் போனால் அப்பா கொடுத்தவர் என்ற இடத்தில் நிற்கிறார். அவருக்கு ஏழாம் பிரிவின் பாதுகாப்பு வருமா என்ற பழைய கேள்வி திரும்ப வரும்.

என் கருத்தைச் சொல்கிறேன், வேறு வழக்கறிஞர்கள் மாறுபடலாம். கார் கேட்டதற்கு எழுத்தில் ஆதாரம் இருந்தால், உதாரணமாக நிச்சயத்துக்கு முன் வந்த குறுஞ்செய்தி, தரகருக்கு அனுப்பிய பட்டியல், அக்காவின் வாக்குமூலத்தில் கேட்டதாகவே சொல்லுங்கள். எதுவும் இல்லை, பெரியவர்கள் வாய்ப்பேச்சு மட்டும்தான் என்றால் அதைப் புகாரில் நடந்தபடி சொல்லிவிட்டு, திரும்பக் கேட்கும் போராட்டத்தை நகையோடு நிறுத்திக்கொள்ளலாம். நடந்ததை மாற்றிச் சொல்ல மட்டும் வேண்டாம்.

கொளத்தூர்த் தம்பி

தரகரிடம் கேட்டேன் மேடம். மாப்பிள்ளையின் மாமா அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இன்னும் அவர் ஃபோனில் இருக்கிறதாம். கார் மாடல் பெயரோடு இருக்கிறது. ஆனால் சாட்சி சொல்ல வர மாட்டேன், தொழில் கெட்டுவிடும் என்கிறார்.

கறுப்பு அங்கி

அவரைக் கட்டாயப்படுத்த வேண்டாம். விசாரணை அதிகாரி கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். இப்போதைக்கு அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். உங்கள் அக்கா ஃபோனில் இருக்கும் குரல் பதிவையும் அப்படியே வையுங்கள், அந்த ஃபோனை விற்கவோ மாற்றவோ வேண்டாம். நகலை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது மின்னணுச் சான்றுக்கான சான்றிதழ் ஒன்று இணைக்க வேண்டும், அதை வழக்கறிஞர் தயார் செய்வார்.

ஓய்வுபெற்ற எஸ்.ஐ. அம்மா

புகாரில் அந்த மாமாவின் பெயரையும் அவர் அனுப்பிய தேதியையும் எழுதுங்கள் தம்பி. அவர் செய்தது அவ்வளவுதான் என்றால் அவ்வளவு மட்டும் எழுதுங்கள்.